விலை கேட்ட குற்றம்

விலை கேட்பது குற்றம் என்று அந்த அலுவலகச் சுவரில் யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் விலை கேட்டவரை அவர்கள் நடத்திய விதத்தைப் பார்த்தால், ஏதோ திருட வந்தவரை நடத்துவது போலத்தான் இருக்கும்.

அது ஒரு சலவை நிறுவனம். தெருவோரத்தில் வேட்டி சட்டை வாங்கித் தேய்த்துக் கொடுக்கும் கடை இல்லை. மருத்துவமனை, விடுதி, முதியோர் இல்லம் என்று மொத்தமாகப் படுக்கை விரிப்பும் துண்டும் எடுத்துவந்து, பேருந்தில் பாதி அளவு இருக்கும் இயந்திரங்களில் துவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுக்கும் இடம். கீழே சலவைக்கூடம். மாடியில் ஐந்து மேசை போட்ட விற்பனைப் பிரிவு. அந்த ஐந்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பட்டாசு என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே, தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனவனைக் கூப்பிட்டு நிறுத்திக் கழுவ வைத்ததால் வந்த பெயர். நாற்பத்து மூன்று வயது. இதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கொள்முதல் எழுத்தராக இருந்தவள். அதாவது, வாங்குகிற பக்கம் உட்கார்ந்திருந்தவள்.

பிரிவின் மேலாளர் அவளைவிடப் பதினொரு வயது சின்னவர். அவர் காதில் விழாத தூரத்தில் அவருக்குப் பெயர் ‘பதினஞ்சு நிமிஷம்’. எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: பதினைந்து நிமிடம் பேச வையுங்கள். மேசைகளுக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, எத்தனை பேரைப் பதினைந்து நிமிடப் பேச்சுக்குச் சம்மதிக்க வைத்தார்கள் என்ற எண் இருக்கும். வேறு எதுவும் அந்தப் பலகையில் ஏறாது. முதல் மூன்று மாதத்தில் ஆறு எடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பட்டாசின் மூன்று மாதம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவள் பெயருக்கு நேரே ஐந்து இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அவளுக்கு ஒரு பதில் வந்தது.

நாற்பத்திரண்டு கட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு அவள் போன வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். எல்லாருக்கும் அனுப்பும் அச்சுக் கடிதத்தை அவள் அனுப்பவில்லை. அந்த இல்லத்தைப் பற்றித் தேடிப் படித்து, படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் பாதிப் பேர் என்று தெரிந்துகொண்டு, அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளில் எத்தனை முறை விரிப்பு மாற்ற வேண்டியிருக்கும் என்று யோசித்து எழுதியிருந்தாள். இல்லத்தின் பொறுப்பாளரான மேட்ரனிடமிருந்து வந்த பதில் ஒரே வரி.

“வணக்கம். உங்கள் விலை என்ன? – மேட்ரன்.”

அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நூற்றெழுபது பேருக்கு எழுதினால் நாலு பேர் பதில் போடுகிற தொழிலில், ஒருவர் தானாக வந்து விலை என்ன என்று கேட்கிறார். கடைக்குள் நுழைந்து பொருளைக் கையில் எடுத்தாயிற்று என்றுதானே அர்த்தம்? கீழே போய் விலை விவரம் கேட்டு எழுதிவிடலாம் என்று எழுந்தாள். அதற்குள் மேலாளர் பின்னால் வந்து நின்று திரையைப் படித்துவிட்டார்.

“அவசரப்படாதீங்க மேடம். விலையைச் சொல்லிடாதீங்க.”

“கேக்குறாங்களே சார்.”

“கேப்பாங்க. எல்லாரும் கேப்பாங்க. ஒருத்தர் ஒரு வார்த்தைகூடப் பேசாம விலை கேட்டா என்ன அர்த்தம்? நம்ம விலையை எடுத்துக்கிட்டுப் போய், இப்ப துவைக்கிறவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, ‘பாரு, இவன் கம்மியா தர்றான்’னு சொல்லிக் குறைச்சுக்குவாங்க. போன வருஷம் ஒரு ஓட்டல்காரன் எனக்கே பண்ணினான். மூணு பக்கத்துக்கு விலைப்பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அதை வச்சு அவன் பழைய ஆளையே பாதியா அழுத்திட்டான். என் போனைக்கூட எடுக்கல.”

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஓட்டல்காரன் கொடுத்த அடி அவருக்கு இன்னும் வலித்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒருவன் ஏமாற்றினான் என்பதற்காக வருகிறவர் எல்லாரையும் வாசலில் நிறுத்தி மடியைத் தட்டிப் பார்ப்பது என்ன நியாயம்?

“சார், நான் ஒன்பது வருஷம் அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன். நாற்காலி வாங்கணும்னு அஞ்சு கம்பெனிக்கு எழுதுவேன். நாலு பேர் ‘எப்பப் பேசலாம்’னு கேப்பான். ஒருத்தன் மட்டும் ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரைக்கும் ஆகும், இதைப் பொறுத்து மாறும்’னு எழுதுவான். நான் யார்கிட்ட வாங்கியிருப்பேன்னு நினைக்கிறீங்க?”

“அது நாற்காலி மேடம். இது சேவை. நம்ம விலை அவங்க தேவையைப் பொறுத்தது. தெரியாம எப்படிச் சொல்வீங்க?”

“எதைப் பொறுத்ததுன்னாவது சொல்லலாம்ல?”

“பதினஞ்சு நிமிஷம் பேச வையுங்க. ஆறாயிடும் உங்களுக்கு. வெள்ளிக்கிழமை யாருக்கு முடியுது? எனக்கா?”

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பலகையில் இருந்த ஐந்து அவளைப் பார்த்தது. வீட்டில் மகனுக்குக் கல்லூரியில் முதல் வருடம். பள்ளிக்கூடத்து வேலை போய் எட்டு மாதம் சும்மா இருந்து, கிடைத்த வேலை இது. பல்லைக் கடித்துக்கொண்டு, கணினியில் தயாராக இருந்த பதிலைத் தட்டி அனுப்பினாள். ‘தங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி. எங்கள் விலை ஒவ்வொருவரின் தேவையைப் பொறுத்து அமைவது. தங்கள் தேவையைப் புரிந்துகொள்ளப் பதினைந்து நிமிடம் பேசலாமா? நாளை காலை பதினொரு மணியா, நாளை மறுநாள் மூன்று மணியா, எது வசதி?’ கீழே அவள் பெயர்.

ஒன்பது வருடம் இதே கடிதத்தைத்தான் அவள் படித்துப் படித்துக் குப்பையில் போட்டிருக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்குப் பதில் வந்துவிட்டது. “பேச நேரமில்லை. விலையை எழுத்தில் தர முடியுமா?” பட்டாசு அதை மேலாளரிடம் காட்டிவிட்டு, “இப்ப சொல்லிடலாம் சார். இதுக்கு மேலயும் மறைச்சா நல்லா இருக்காது” என்றாள். “பாக்கலாம், சாப்பிட்டு வாங்க” என்றார் அவர். அவள் சாப்பிடப் போனாள். அந்த அரை மணி நேரத்தில், விற்பனைப் பிரிவின் எல்லாக் கடிதங்களையும் திறக்கும் உரிமை தனக்கு இருந்ததால், மேலாளர் அவள் பெயரிலேயே பதில் அனுப்பிவிட்டார். ‘நிச்சயமாக! அதற்கு முன், இந்தச் சேவைக்குத் தாங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை எவ்வளவு என்று தெரிவித்தால், அதற்கேற்ற திட்டத்தைப் பரிந்துரைக்க வசதியாக இருக்கும். பத்து நிமிடம் கிடைத்தாலும் போதும்.’

திரும்பி வந்து அதைப் பார்த்தபோது அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. விலை என்ன என்று கேட்டவரிடம், உன் பையில் எவ்வளவு இருக்கிறது சொல், பிறகு விலை சொல்கிறேன் என்று கேட்டால் அதற்கு என்ன பெயர்? அதுவும் ஆச்சரியக்குறி போட்டு! அதுவும் அவள் பெயரில்!

“என் பேர்ல நீங்க எப்படி எழுதலாம்?”

“டீம் மெயில்தானே மேடம். உங்களுக்காகத்தான் பண்ணினேன். பதினஞ்சைப் பத்தாக்கிட்டேன் பாருங்க, இனிமே ஒத்துக்குவாங்க.”

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கணினியைத் திறந்தபோது மேட்ரனின் பதில் காத்திருந்தது. இந்த முறை ஒரு வரி இல்லை.

“அம்மா, நான் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு நீங்கள் என்னிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டீர்கள். எங்கள் துவைக்கும் இயந்திரம் பழுதாகி இருபது நாள் ஆகிறது. சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண்கள் நாற்பத்திரண்டு பேரின் விரிப்பையும் கையால் துவைக்கிறார்கள். ஒருத்திக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் நிர்வாகக் குழு கூடுகிறது. வெளியே கொடுத்துத் துவைக்கலாம் என்று நான் கேட்க வேண்டும் என்றால், ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்று காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். தொலைபேசியில் பேசியதைக் குழுவின் முன் வைக்க முடியாது. நான்கு நிறுவனங்களைக் கேட்டேன். நான்கு பேரும் பதினைந்து நிமிடம் கேட்கிறார்கள். நாலு பதினைந்து ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் நான் எட்டுப் பேரைப் புரட்டிப் படுக்க வைப்பேன். உங்கள் முதல் கடிதத்தில் எழ முடியாதவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். புரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துத்தான் உங்களிடம் கேட்டேன். விலை இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இனிமேல் எழுத வேண்டாம்.”

பட்டாசு அதை இரண்டு முறை படித்தாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. மேலாளர் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அதிகம் வந்தது. அவர் எழுதியது இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தை அனுப்பியது யார்? அவர் வந்து அவள் விரலைப் பிடித்தா அழுத்தினார்? ஒரு எண்ணுக்காக, தான் ஒன்பது வருடம் வாங்கிய அதே குத்தை இன்னொருத்திக்குக் கொடுத்தாயிற்று.

நேராகக் கீழே இறங்கிப் போனாள். சலவைக்கூடத்தில் நீராவியும் இரைச்சலும் முகத்தில் அடித்தன. அழுக்கு மூட்டைகள் ஒரு வாசல் வழியாக உள்ளே வரும், துவைத்தது எதிர்ப்பக்க வாசல் வழியாகத்தான் வெளியே போகும். இரண்டும் எங்கேயும் கலக்காது. நடுவில் நின்ற மேற்பார்வையாளர் இருபத்தாறு வருடமாக அங்கேயே இருப்பவர். எந்த மூட்டையைத் தூக்கினாலும் எடை சொல்வார்.

“அண்ணே, நாப்பத்திரண்டு கட்டில். பாதிப் பேர் எந்திரிக்க முடியாதவங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?”

அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். “விரிப்பு, மேல் விரிப்பு, தலையணை உறை, துண்டு, அங்கி... கட்டிலுக்கு ரெண்டரை கிலோ வை. காஞ்ச எடை. ஈரத்தோட எடை போட்டு ஏமாத்துறவன் இருக்கான், நாம காஞ்சதைத்தான் போடுவோம். அதைச் சொல்லு முதல்ல. நூத்தஞ்சு கிலோ வரும் ஒரு நாளைக்கு.”

“கிலோவுக்கு எவ்வளவுன்னு சொல்லலாம்?”

“ரொம்ப அழுக்கானது எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். அதைத் தனிப் பையில கட்டித் தரணும், தனியா அதிக சூட்டுல போடணும். அது செலவு. வாரத்துக்கு எத்தனை தடவை வண்டி போகணும், அது செலவு. விரிப்பு அவங்களோடதா, நாம வாடகைக்குத் தர்றதா? அது வேற கணக்கு. அவங்களோட விரிப்புன்னா முப்பத்தெட்டுக்குக் குறையாது, அம்பத்திரண்டுக்கு மேல போகாது. இந்த ரேட்டு ஊருக்கே தெரியும். மேல யாருக்கும் தெரியாதா என்ன?”

“மேல பதினஞ்சு நிமிஷம் தெரியும்” என்றாள் அவள். அவர் சிரித்தபோது வயிறு குலுங்கியது.

மாடிக்கு வந்து எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை. பூசி மெழுகவில்லை.

“மேட்ரன் அவர்களுக்கு. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. உங்கள் விரிப்பை நாங்கள் துவைத்துத் தர, காய்ந்த எடையில் கிலோவுக்கு முப்பத்தெட்டிலிருந்து ஐம்பத்திரண்டு ரூபாய் வரை. நாற்பத்திரண்டு கட்டிலுக்கு வாரம் ஏறத்தாழ எழுநூற்று முப்பத்தைந்து கிலோ வரும் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு இருபத்தெட்டாயிரத்திலிருந்து முப்பத்தொன்பதாயிரத்துக்குள் ஆகும். வாரம் மூன்று முறை வண்டி வந்தால் போதும், மிகவும் அழுக்கானது நாலில் ஒரு பங்குக்குள் என்றால் கீழ்ப்பக்கம் நிற்கும். தினமும் வண்டி வர வேண்டும், பாதிக்கு மேல் அழுக்கு என்றால் மேல்பக்கம் போகும். எண்ணி எடுத்துக்கொள்வதும் திருப்பித் தருவதும் வண்டியும் இதற்குள் அடக்கம். கம்பளியும், இல்லத்தில் இருப்பவர்களின் சொந்தத் துணியும் அடங்காது. வாரம் முந்நூறு கிலோவுக்குக் குறைந்தால் எங்களிடம் கொடுப்பது உங்களுக்கு நட்டம், சொந்த இயந்திரம் வாங்குவதுதான் நல்லது. உங்களுக்கு அப்படி இல்லை என்று நினைக்கிறேன். இது மதிப்பீடுதான். ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்த பிறகு இறுதி விலை தருவோம், அது மேலே சொன்ன எல்லையைத் தாண்டாது. இதை அப்படியே குழுவின் முன் வைக்கலாம். பேச வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்.”

முந்நூறு கிலோ என்றும் எல்லையைத் தாண்டாது என்றும் எழுதும் முன் மறுபடியும் கீழே போய் மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு வந்துதான் எழுதினாள். கோபக்காரிதான், ஆனால் வாய்க்கு வந்ததை எழுதுகிறவள் இல்லை. பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினாள். நகல் மேலாளருக்கும் போட்டாள்.

பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் அறைக் கதவு திறந்தது.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ஏன் மேடம், விலையைச் சொன்னது போதாதுன்னு, நம்மகிட்ட வாங்காதீங்க, மெஷின் வாங்குங்கன்னு வேற எழுதியிருக்கீங்க! நீங்க யார்கிட்ட சம்பளம் வாங்குறீங்க? நம்மகிட்டயா, மெஷின் கம்பெனிகிட்டயா?”

“முந்நூறு கிலோவுக்குக் கீழன்னா நட்டம்னு கீழ இருக்கிற அண்ணனே சொல்றாரு. எழுநூறு கிலோ இருக்கிறவங்ககிட்டதான் அதை எழுதியிருக்கேன். இதைக்கூடச் சொல்றவங்க, வேற எதையும் மறைக்க மாட்டாங்கன்னு அவங்களுக்குத் தோணும்.”

“இனிமே அவங்க எதுக்கு உங்ககிட்ட பேசணும்? கேட்டது கிடைச்சாச்சு. போயிட்டாங்க. ஆறாவது போச்சு. உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க.”

“தம்பி” என்றாள் பட்டாசு. மூன்று மாதமாகச் சார் என்று கூப்பிட்ட வாய். “விலை தெரிஞ்சதும் ஓடிப் போறவங்க, பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் தெரிஞ்சாலும் ஓடித்தான் போவாங்க. அந்தப் பதினஞ்சு நிமிஷம் யாருக்கு லாபம்? அந்தப் பலகைக்குத்தான்.”

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

புதன்கிழமை முழுவதும் பதில் இல்லை. சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே கணவனிடம் சொல்லித் தீர்த்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மனிதர், அதிகம் பேச மாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, “விலை சொல்லாத கடைக்குள்ள நான் காலே வைக்க மாட்டேன்” என்றார்.

“வேலை போனா?”

“போனாப் போவுது போ. எட்டு மாசம் சமாளிச்சோம்ல.” பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “போகாம இருந்தா நல்லது” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. அவளாக யாரையும் கூப்பிடவில்லை, யாரிடமும் நேரம் கேட்கவில்லை.

“நான் மேட்ரன் பேசுறேன். குழுவுல வச்சேன். நாலு பேர்கிட்ட கேட்டேன், ஒருத்தர்தான் விலை கொடுத்தாங்கன்னு சொன்னேன். மத்த மூணு பேர் எழுதினதையும் படிச்சுக் காட்டினேன். ஒரு மாசம் சோதனைக்கு ஒத்துக்கிட்டாங்க. திங்கட்கிழமை வண்டி அனுப்ப முடியுமா?”

“அனுப்புறேங்க. கண்டிப்பா அனுப்புறேன்.”

“சரி, இப்பக் கேளுங்க. என்னென்ன தெரியணுமோ கேளுங்க. இப்ப எனக்கு நேரம் இருக்கு.”

நாற்பது நிமிடம் பேசினார்கள். அழுக்குப் பையின் அளவு, வண்டி எந்த வாசலில் நிற்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை யார் எண்ணிக் கொடுப்பது, எல்லாம் பேசினார்கள். கடைசியில் மேட்ரன், “அந்த ரெண்டாவது மெயிலும் நீங்கதான் எழுதினீங்களா?” என்று கேட்டார். “என் பேர்ல வந்ததுங்க, அப்ப நான்தான் பதில் சொல்லணும். மன்னிச்சுக்கோங்க” என்றாள் பட்டாசு.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டம். முதலாளியம்மா மாதத்தில் ஒரு தடவைதான் மாடிக்கு வருவார், அன்றைக்கு வந்திருந்தார். பலகையில் பட்டாசின் பெயருக்கு நேரே ஆறு இருந்தது. எழுதியவர் மேலாளர். அதோடு விட்டிருந்தால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். வேலை நின்றது, இரண்டு பெண்களின் கை பிழைத்தது, போதும் என்று இருந்திருப்பாள். அவர் விடவில்லை.

“இந்த முதியோர் இல்லத்தை எல்லாரும் பாடமா எடுத்துக்கணும்” என்று ஆரம்பித்தார். “முதல்ல விலை கேட்டாங்க. நாம கொடுக்கல. ரெண்டாவது தடவையும் கேட்டாங்க. பட்ஜெட் என்னன்னு திருப்பிக் கேட்டோம். அப்பத்தான் அவங்க மனசு திறந்து எல்லாத்தையும் எழுதினாங்க. மெஷின் போனது, குழு கூடுறது, எல்லாம். விலையைப் பிடிச்சு வச்சதாலதான் தேவை வெளிய வந்தது. பொறுமை. அதுதான்...”

“மனசு திறந்தாங்களா?” பட்டாசு எழுந்துவிட்டாள். “அது மனசு திறந்ததா? அம்மா, அவங்க எழுதினதை நான் படிக்கிறேன். நீங்களே சொல்லுங்க.”

படித்தாள். நடுவில் நிறுத்தவில்லை. ‘இல்லையென்றால் இனிமேல் எழுத வேண்டாம்’ என்ற இடத்துக்கு வந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேலாளர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“இது அடி வாங்கினவங்க போட்ட சத்தம்” என்றாள். “அடிச்சதாலதான் பேசினாங்கன்னு பாடம் நடத்தாதீங்க.”

முதலாளியம்மா மேலாளர் பக்கம் திரும்பினார். பிறகு, “இவங்களை மாதிரி, பேசறதுக்கு முன்னாடியே விலை கேட்டவங்க மொத்தம் எத்தனை பேர்? அவங்கெல்லாம் என்ன ஆனாங்க?” என்று கேட்டார்.

மேலாளருக்குத் தெரியவில்லை. அவரிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பட்டாசு கணினியில் தேடினாள். விலை கேட்டு வந்த பதில்கள், இந்த ஒரு வருடத்தில் முப்பத்து நான்கு. அத்தனை பேருக்கும் பதினைந்து நிமிடக் கடிதம் போயிருந்தது. அதற்குப் பிறகு இருபத்தொன்பது பேரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதில் வராதவர்களை அந்தக் கணினி பத்து நாளில் தானாகவே ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தது. பெட்டியின் தலைப்பை அவள் சத்தமாகப் படித்தாள்.

“‘ஆர்வமில்லாதவர்கள்.’”

கடைக்கு வந்து, பொருளைப் பார்த்து, எவ்வளவு என்று வாய் திறந்து கேட்டவர்கள் இருபத்தொன்பது பேர். அவர்களுக்கு ஆர்வம் இல்லையாம்! கேட்டவரைத் துரத்திவிட்டு, வரவே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

“எல்லாருக்கும் பதில் போடுங்க” என்றார் முதலாளியம்மா. “விலையோட.”

மத்தியானம் முழுவதும் பட்டாசு கீழேயும் மேலேயுமாக நடந்தாள். மேற்பார்வையாளர் எடை சொல்லச் சொல்ல, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். ஒரு கடிதம் இப்படி இருந்தது: ‘நான்கு மாதத்துக்கு முன் நீங்கள் எங்களிடம் விலை கேட்டீர்கள். நாங்கள் பதில் சொல்லவில்லை. இதுதான் விலை.’ மேலாளர் அறையைவிட்டு வெளியே வந்து, சற்றுத் தயங்கி, அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். திட்ட வந்தாரா, மன்னிப்புக் கேட்க வந்தாரா என்று அவருக்கே தெரியாதது போல இருந்தது. “அந்த ஓட்டல்காரன்...” என்று ஏதோ ஆரம்பித்தார்.

அப்போது முதல் பதில் வந்தது. அறுபது கட்டில் உள்ள ஒரு மருத்துவமனையின் கொள்முதல் அலுவலர். இருவருமே படித்தார்கள்.

“நன்றி. நீங்கள் விலை சொல்லாததால் வேறொருவரிடம் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அவர்கள் விலை உங்களுடையதைவிடக் கிலோவுக்கு ஒன்பது ரூபாய் அதிகம். அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”